வாசலில் முதல் இருபது விநாடி: எதைச் சொல்லித் தொடங்குவது?

தாமானில் கோத்தோங் ரோயோங் என்று முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விடும். ஆனால் குழுவில் இல்லாத வீடுகள் எப்போதும் நிறைய. போன மாதம் வாடகைக்கு வந்தவர்கள், போனைத் தொடாத முதியவர்கள், குழுவை மியூட் செய்து வைத்திருப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம். அவர்களுக்காக யாராவது நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப் போகச் சம்மதிக்கும் இளையவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "கேட்ல போய் நின்னதும் முதல்ல என்ன சொல்றது?"

பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். யார் என்று சொல்லு என்பார் ஒருவர். எதையும் விற்க வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடு என்பார் அடுத்தவர். 'ரெண்டே நிமிஷம்' என்று நேரம் கேட்டுக்கொள் என்பவர் உண்டு. டிங்கியைப் பற்றி ஒரு கேள்வி போட்டு ஆரம்பி, அப்போதுதான் நின்று கேட்பார்கள் என்பவரும் உண்டு. நான்குமே சில வாசல்களில் நன்றாக எடுபடும், சில வாசல்களில் காரியத்தைக் கெடுக்கும். எது எங்கே என்பதைப் பார்க்க ஒரே ஒரு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் செந்தூல் மாதிரி ஓர் இடம். பழைய வரிசை வீடுகள், பக்கத்திலேயே பிளாட். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொசு ஒழிப்புக் கோத்தோங் ரோயோங். சனிக்கிழமைக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

வாசலுக்கு வருகிறவர் மனதில் ஒரு பட்டியல் ஓடும். தண்ணீர் வடிகட்டி விற்பவரா? ரசீதுப் புத்தகத்தோடு நன்கொடை கேட்பவரா? கட்சிக்காரரா? அதிகாரியா? உங்கள் முதல் வாக்கியம் இந்தச் சந்தேகத்தை எவ்வளவு சீக்கிரம் தீர்க்கிறது என்பது முதல் அளவுகோல்.

டிங்கி விஷயத்தில் அதிகாரி பயம்தான் பெரியது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுகாதாரத் துறையினர் வீட்டு வளாகத்துக்குள் வந்து சோதிக்கலாம். கொசுப்புழு கண்ணில் பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் எழுதலாம். தொண்டருக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது. இருந்தாலும், கையில் அட்டையும் பேனாவுமாக நின்று "கொசு" என்று ஆரம்பிப்பவரைப் பார்க்கும்போது வீட்டுக்காரருக்கு இருவரும் ஒரே ஆள்தான். 'சம்மன் எழுத வந்துட்டாங்க' என்று எண்ணி, கேட்டைத் திறக்காமலேயே பின்பக்கம் போய் வாளியைக் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது அளவுகோல், வீட்டுக்காரர் சிரமமில்லாமல் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா என்பது. தொண்டருக்கு எதற்கு இது என்று தோன்றும். முகத்துக்கு நேரே மறுப்பது நம்மவர்களுக்கு வராது. மலாய், சீன அண்டை வீட்டாரும் இதில் அப்படித்தான். மறுக்க வழியில்லாமல் பேசினால் "ஆ, வர்றேன் வர்றேன்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிடுவார்கள். அதை நம்பி முப்பது பொட்டலம் நாசி லெமாக் சொல்லி வைத்தால், காலையில் பத்துப் பேர் நிற்பார்கள். எளிதாகக் கிடைக்கிற 'இல்லை' உங்கள் கணக்கையும் காப்பாற்றும்.

மூன்றாவது, சொன்னது காதில் விழுகிறதா. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதி வாசல்களில் இதுதான் பிரச்சினை. உள்ளே டிவி, மேலே மின்விசிறி, கேட்டுக்குப் பின்னால் நாய். வீட்டுக்காரர் தாழ்வாரத்தில், நீங்கள் ரோட்டோரம். முதல் வாக்கியத்தில் பாதிதான் போய்ச் சேரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பக் கூடாது.

நேரத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை, ஏனென்றால் அது பேரத்துக்கே உரியதல்ல. எந்தத் தொடக்கமாக இருந்தாலும் இருபது விநாடிக்குள் முடிய வேண்டும். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வாசலில் பேசுகிற வேகத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாற்பது சொல்லைத் தாண்டினால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

## ஒன்று: இருப்பிடத்தைச் சொல்லித் தொடங்குவது

"வணக்கம் ஆண்ட்டி. பின் லோரோங்ல லாரி நிக்கும்ல, அந்த வீட்டுப் பையன் நான். ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு நம்ம லோரோங்ல கோத்தோங் ரோயோங். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

இதில் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். தெரியாத ஒருவரிடம் பெயரைச் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. விற்பனையாளரும் பெயரைத்தான் சொல்வார். லாரி நிற்கும் வீடு, கோயிலுக்கு எதிர் வரிசை, மூலையில் மாமரம் உள்ள வீடு என்றால், அந்தப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு உடனே ஒரு படம் வந்துவிடும். வெளியாளால் சட்டென்று சொல்ல முடியாத தகவல் அது. பட்டியலில் இருந்த நான்கு பேரும் ஒரே வாக்கியத்தில் விலகிவிடுகிறார்கள். பெயரை இரண்டாவது வாக்கியத்திலோ, அவர் கேட்டபோதோ சொல்லிக்கொள்ளலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு, பேச்சு நீள்வதுதான். "லாரி வீடா? யாரு மகன் நீ? தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தாரே, அவரு பேரனா?" என்று ஆரம்பித்தால் செந்தூலில் அது லேசில் முடியாது. அந்தப் பேச்சு இனிமையானதுதான், வாசலில் அதை வெட்டிவிட்டுப் போவதும் மரியாதை இல்லை. ஆனால் அப்படி நான்கு வீடு அமைந்தால் அந்த வரிசையின் மறுபாதிக்கு நேரம் இருக்காது. இதற்கு ஒரே வழி, கூட வந்தவர் அடுத்த கேட்டுக்கு நகர்வது. "அக்கா அங்க காத்திருக்காங்க ஆண்ட்டி, ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து பேசுறேன்" என்றால் யாருக்கும் மனக்குறை வராது.

இன்னொன்று, தனியாகப் போகிற பெண்பிள்ளைகள் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டாம். லோரோங்கைச் சொன்னால் போதும்.

பிளாட்டிலும், ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் மாறும் வாடகை வீடுகளிலும் இது எடுபடாது. அவர்களுக்கு லாரியும் தெரியாது, மாமரமும் தெரியாது.

## இரண்டு: 'இல்லை'யைச் சொல்லித் தொடங்குவது

"வணக்கம்ணே. எதுவும் விக்க வரல, சம்மனும் இல்ல. ஞாயித்துக்கிழமை கோத்தோங் ரோயோங், அதச் சொல்லத்தான் வந்தோம்."

நேர்மையாகத் தெரிகிறது, பயத்தையும் நேராகத் தொடுகிறது. ஆனால் நான்கில் அதிகம் சறுக்கும் தொடக்கம் இதுதான் என்பது என் கருத்து. முதல் காரணம், "எதுவும் விக்க வரலண்ணே" என்று தொடங்குவது விற்க வருகிறவர்களின் வழக்கம். இலவசமாகத் தண்ணீரைச் சோதித்துத் தருகிறோம் என்று வந்து, அரை மணி நேரத்தில் வடிகட்டிக்கு மாதத் தவணை பேசியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது காரணம் காது. மின்விசிறிச் சத்தத்தில் "சம்மனும் இல்ல" என்பதில் கடைசிச் சொல் போய்விட்டால் மிஞ்சுவது "சம்மன்" மட்டும். மூன்றாவது, அந்த நினைப்பே இல்லாத வீட்டில் நீங்களே அதை விதைத்துவிடுகிறீர்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக நின்றவர், நீங்கள் சொன்ன பிறகு தொட்டித் தட்டைப் பார்க்க ஆரம்பிப்பார்.

ஆனால் ஒரு நிலவரத்தில் இதைவிடச் சிறந்தது கிடையாது. அந்த லோரோங்கில் போன வாரம் யாருக்காவது டிங்கி வந்து, சுகாதாரத் துறை வந்து புகையடித்து, ஓரிரு வீட்டில் அபராதமும் எழுதிவிட்டுப் போயிருந்தால் பயம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும். அப்போது அதைத் தொடாமல் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அங்கேயும் சொல் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். "நாங்க பக்கத்து லோரோங்தான்ணே, சுகாதாரத் துறை கிடையாது. யாரும் உள்ள வந்து பாக்க மாட்டோம்" என்றால், பாதி கேட்டாலும் கெடுதல் இல்லை. 'உள்ளே வர மாட்டோம்' என்பது 'சம்மன் இல்லை' என்பதைவிடத் தெளிவாகப் புரிகிறது. சொன்னபடி கேட்டுக்கு வெளியே நிற்கவும் வேண்டும்.

கட்சி விஷயத்தில் மட்டும் கவனம். "எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். உண்மையிலேயே குடியிருப்பாளர் சங்கமோ ருக்குன் தெத்தாங்காவோ நடத்துவதாக இருந்தால் "கட்சி இல்ல, சங்கம்" என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறலுக்குப் பணம் தந்தது ஓர் ஒய்பி என்றால், அவர் படம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே அச்சாகியிருந்தால், "கட்சி இல்ல" என்று தொடங்க உங்களுக்கு உரிமையில்லை. "சங்கம் நடத்துது, பசியாற ஒய்பி ஏற்பாடு" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சட்டை நிறத்தையும் ஒருமுறை பாருங்கள். நான்கு பேர் ஒரே நிற டி-சட்டையில் வந்தாலே தேர்தல் ஞாபகம் வந்துவிடும்.

## மூன்று: நேரத்தைக் கேட்டுத் தொடங்குவது

"மன்னிச்சுக்கங்க, ஒரு நிமிஷம் பேசலாமா?"

கேட்க மிகவும் பண்பாக இருக்கிறது. இரண்டாவது அளவுகோலில் இதற்குத்தான் முதல் இடம், ஏனென்றால் 'இப்ப முடியாது' என்று ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லலாம். ஆனால் முதல் அளவுகோலில் கடைசி. எதற்கு என்றே சொல்லாமல் நேரம் கேட்டால் மனதில் ஓடும் பட்டியல் இன்னும் நீளும். நல்ல செய்தி சொல்ல வந்தவர் யாரும் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குவதில்லை என்பது எல்லோருக்கும் அனுபவம். "இல்ல தம்பி, வேலையா இருக்கேன்" என்று கதவு சாத்தப்படும். அவர் மறுத்தது கோத்தோங் ரோயோங்கை இல்லை. அது என்னவென்றே அவருக்குத் தெரியாது.

இதன் பெரிய செலவு வாக்கு. 'ரெண்டு நிமிஷம்' என்பது நம் பேச்சில் எவ்வளவு நேரத்தையும் குறிக்கலாம். அதனால் அதை யாரும் நம்புவதில்லை, தொண்டரும் காப்பாற்றுவதில்லை. நேரத்தைச் சொல்வதானால் எண்ணாகச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்லுங்கள். "இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றால் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார மாட்டீர்கள் என்று அவருக்குப் புரியும்.

முதியவர்கள் விஷயத்தில் இது வேறு மாதிரி கெடும். அவர்கள் 'சரி' என்று சொல்லிவிட்டு, கால் வலியோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். அனுமதி வாங்கிவிட்டோம் என்ற தெம்பில் நாம் பேசிக்கொண்டே போவோம்.

பிளாட்டில், லிஃப்டிலிருந்து வந்து சாவியைக் கதவில் நுழைக்கிற நேரத்தில் ஒருவரைப் பிடித்தீர்களானால் இது பொருந்தும். கையில் பொட்டலம், தோளில் பை. அவருடைய நேரத்தைத்தான் நீங்கள் நேராக எடுக்கிறீர்கள். அங்கேயும் காரணத்தை ஒட்டவைத்துக் கேட்க வேண்டும்: "கோத்தோங் ரோயோங் விஷயம்ணே, இப்பச் சொல்லவா, பேப்பர மட்டும் குடுத்துடவா?" இரண்டாவது பாதி அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் தாளை வாங்கிக்கொள்வார். அதுவே போதும்.

## நான்கு: கேள்வி கேட்டுத் தொடங்குவது

இதில் நல்ல கேள்வி, கெட்ட கேள்வி என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

"உங்க வீட்ல தண்ணி தேங்கி இருக்கா?" என்பது கெட்ட கேள்வி. அது கேள்வி மாதிரி இருக்கும் குற்றச்சாட்டு. பதில் எப்போதும் "இல்லையே, நாங்க சுத்தமாத்தான் வச்சிருக்கோம்." அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்து தன் வீட்டுத் தொட்டியைக் கவிழ்ப்பது அவருக்கே கௌரவக் குறைவாகிவிடும். 'எனக்குத் தேவையில்லை' என்று அவரையே சொல்ல வைத்து அனுப்பிவிட்டீர்கள். "வீட்ல எத்தன பேரு இருக்கீங்க? பகல்ல யாரு இருப்பாங்க?" என்பது அதைவிட மோசம். நோட்டம் பார்க்க வரும் திருடன் கேட்பதும் அதைத்தான். கணக்குக்காகக்கூட இதை வாசலில் கேட்காதீர்கள்.

நல்ல கேள்வி, கேட்பவரும் பதில் சொல்பவரும் சேர்ந்து பார்த்த ஒன்றைப் பற்றியது. "போன வாரம் நம்ம லோரோங்ல புகை அடிச்சாங்களே, பாத்தீங்களா ஆண்ட்டி?" பார்த்தவர் 'ஆமாம், வீடெல்லாம் நாத்தம்' என்பார். பார்க்காதவர் 'அப்படியா, யாருக்கு?' என்பார். இரண்டுமே பேச்சைத் திறக்கும். அப்புறம் சொல்ல வேண்டியதும் தானாக அமையும்: புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

'யாருக்கு?' என்ற கேள்வி வரும்போது மட்டும் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். நோய் வந்த வீடு எது என்று நீங்கள் சொன்னால், அடுத்த வாரம் தன் வீட்டு விஷயத்தையும் நீங்கள் வேறெங்கோ சொல்வீர்கள் என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடும். "நம்ம லோரோங்தான் ஆண்ட்டி, இப்ப நல்லா இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், நல்லா இருப்பது உண்மையானால்.

புகையடிப்பு நடக்காத இடத்தில் இந்தத் தொடக்கத்துக்கு வேலை இல்லை. பயமுறுத்தி ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். "டிங்கில சாகுறாங்க தெரியுமா" என்று ஒரு வாசலில் நின்று சொல்வது மரியாதையில் சேராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| தொடக்கம் | சந்தேகம் தீருமா | மறுக்க எளிதா | மறைந்திருக்கும் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| இருப்பிடம் | உடனே | ஓரளவு | பேச்சு நீளும் | பழைய வரிசை வீடுகள் |
| 'இல்லை' | அரைகுறை | எளிது | விற்பனைப் பேச்சு போல ஒலிக்கும், பயத்தை விதைக்கும் | அபராதம் எழுதிப் போன லோரோங் |
| நேரம் | தீராது, கூடும் | மிக எளிது | விஷயம் தெரியாமலே மறுப்பு வரும் | பிளாட், அவசரமாகப் போகிறவர் |
| பொதுக் கேள்வி | சீக்கிரம் | ஓரளவு | நோயாளி யார் என்ற பேச்சு | புகையடித்த வாரம் |

"சாப்டாச்சா ஆண்ட்டி?" என்று குசலத்தில் தொடங்குவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தெரிந்த வீட்டில் அது தானாக வரும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாத வீட்டில் அதைச் சொல்லும் இளைஞன் காப்புறுதி முகவர் மாதிரி தெரிவான்.

## ஒரு வாசலில் எப்படி அமைகிறது

என் தெரிவு இப்படி: வரிசை வீடுகளில் இருப்பிடம் முதலில், அதோடு ஒட்டி 'உள்ளே வர மாட்டோம்', பிறகு நாளும் மணியும். போகும் முன்பு அந்த லோரோங்கில் கடந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று சங்கத்தில் கேட்டுக்கொள்வேன். புகையா, அபராதமா, ஒன்றுமில்லையா என்பதைப் பொறுத்து நடுவில் உள்ள வாக்கியம் மாறும்.

புகையடித்த லோரோங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை ஐந்தரை. ஏழு மணி நெருங்கினால் நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரம், மலாய் வீடுகளில் மஃரிப் தொழுகை. அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டுத்தான் கேட்டுக்கு வருகிறார்கள். ஹெல்மெட்டோடு கேட்டில் நிற்பவரைக் கண்டால் கோலாலம்பூரில் எவரும் கதவைத் திறக்க மாட்டார்கள். இரண்டு பேர், பேசுவது ஒருவர், மற்றவர் மறையாமல் கண்ணில் படும் இடத்தில் நிற்கிறார். மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்கள். மூன்று முறை அழைத்தும் யாரும் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது முஸ்லிம் வீடுகளில் பழைய ஒழுக்கம். எல்லா வீட்டுக்கும் அது நல்ல அளவு.

நடுத்தர வயது அம்மா ஒருவர் வருகிறார். கை இன்னும் பூட்டில் போகவில்லை.

"வணக்கம் ஆண்ட்டி. நாங்க பின் லோரோங், கோயிலுக்கு எதிர் வரிசை. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடுறோம். போன வாரம் புகை அடிச்சாங்கல்ல, அது புழுவ கொல்லாதாம். அதனால நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் சேந்து லோரோங்ல தண்ணி தேங்குற இடமா பாத்துச் சுத்தம் பண்றோம். முடிஞ்சா வாங்க, இல்லன்னாலும் பரவால்ல."

"வீட்டுக்குள்ள வந்து பாப்பீங்களா?"

"இல்ல ஆண்ட்டி, ரோட்டோரமும் கால்வாயும் மட்டும்தான். உங்க வீட்ட நீங்களே பாத்துக்குங்க."

"எனக்கு முட்டி வலி தம்பி."

இந்த இடத்தில் பெரும்பாலான தொண்டர்கள் தவறுகிறார்கள். 'கொஞ்ச நேரம் நின்னா போதும் ஆண்ட்டி' என்று கெஞ்சுவார்கள். அந்த அம்மா மறுத்தாயிற்று, நல்ல காரணத்தோடு. "சரி ஆண்ட்டி, ரெஸ்ட் எடுங்க. முடிஞ்சா பூந்தொட்டித் தட்டுல தண்ணி நிக்குதான்னு மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லி, தாளைக் கொடுத்து, நகர வேண்டும். இருபது விநாடியில் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வீட்டில் சீனப் பெரியவர். அதே வரிசைதான், மலாயில்: "செலாமாட் பெத்தாங் அங்கிள். சாயா திங்கால் லோரோங் பெலாக்காங். புக்கான் ஜுவால் பாராங். ஏசோக் பாகி அடா கோத்தோங் ரோயோங், பாசால் ஞாமோக்." இங்கே மட்டும் 'விற்பனை இல்லை' என்பதைச் சேர்த்திருக்கிறது. பின் லோரோங் ஆள் என்பதை முகம் தெரியாத பெரியவர் உடனே நம்ப வேண்டிய அவசியமில்லை. அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் சிறுபிள்ளை வந்தால் எதையும் சொல்லத் தொடங்க வேண்டாம். 'அம்மாகிட்ட குடுத்துடு' என்று தாளை நீட்டிவிட்டு நகர்வதுதான் சரி.

## சின்னதாகக் கேட்பதா, பெரிதாகக் கேட்பதா

தட்டைப் பாருங்கள் என்று சின்னதாகக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1966இல் ஜொனாதன் ஃப்ரீட்மேன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். வீட்டு முற்றத்தில், பார்க்கச் சகிக்காத பெரிய சாலைப் பாதுகாப்புப் பலகை வைக்கச் சம்மதமா என்று கேட்டபோது 17 விழுக்காட்டினர்தான் ஒப்புக்கொண்டார்கள். அதே சாலைப் பாதுகாப்பு பற்றிய உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை முன்பே வைத்திருந்தவர்களில் 76 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள்.

தொண்டர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் இதைச் சொல்லிவிட்டு, 'முதலில் சின்னதைக் கேள், உடனே பெரிதைக் கேள்' என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் இரண்டு வேண்டுகோளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது. ஒரே வாசலில், ஒரே மூச்சில் சின்னதையும் பெரிதையும் அடுக்கினால் அது வலை விரிப்பது போலத்தான் தெரியும். இன்று தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு அதே கேட்டில் நிற்கும்போது வரச் சொல்லிக் கேளுங்கள். சுகாதார அமைச்சு வாரத்துக்குப் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்வதால், அந்தத் தட்டு வெறும் தந்திரமும் இல்லை.

## எடுபடவில்லை என்று எப்படித் தெரியும்

கோபப்படுகிறவரைவிடத் தலையாட்டுகிறவரைக் கவனியுங்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர், நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறார். "பேப்பர வச்சிட்டுப் போங்க" என்பது மறுப்பு. "தெங்கோக்லா" என்பதும் பெரும்பாலும் மறுப்பு. எத்தனை மணிக்கு, எங்கே கூடுவது, பாராங் கொண்டுவரவா என்று யாராவது கேட்டால் அவர் வருவார்.

வரிசையாக எல்லாரும் முதலில் 'யாரு நீங்க?' என்று கேட்டால் உங்கள் இருப்பிட வாக்கியம் காதில் விழவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள், கேட்டுக்கு அரையடி நெருங்குங்கள். எல்லாரும் 'எவ்வளவு?' என்று கேட்டால் கையில் இருக்கும் அட்டை நன்கொடைப் புத்தகம் மாதிரி தெரிகிறது. அதைப் பைக்குள் போட்டுவிட்டு, குறிப்பை அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பும் பெரிதாக வேண்டாம்: வருவார், தெரியாது, வேண்டாம். 'வேண்டாம்' என்று போட்ட வீட்டு மணியை அந்த வாரம் வேறு எவரும் அடிக்கக் கூடாது. இரண்டு குழுக்கள் இரு முனையிலிருந்து வரும்போது இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

ஆள் இல்லாத வீட்டில் தாளைக் கேட் கம்பியில் செருகிவிட்டு வராதீர்கள். இரண்டு நாள் அது அப்படியே இருந்தால், வீட்டில் யாரும் இல்லை என்று தெருவுக்கே தெரியும். தபால் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்த பிறகு ஒருமுறை போனால் போதும். பிளாட்டில் நிர்வாக அலுவலகத்தில் முன்பே சொல்லி, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டச் சொன்னால், கதவைத் திறப்பவருக்கு நீங்கள் முழுக்கப் புதியவராக இருக்க மாட்டீர்கள்.